சர்வீஸ் கம்பெனி ஆஃபரா, சின்ன புராடக்ட் கம்பெனி இன்டர்ன்ஷிப்பா?

கேள்வி: அண்ணா, ராணிப்பேட்டை பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். கேம்பஸில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனி 3.6 லட்சத்துக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறது, சேரும் தேதி சொல்லவில்லை. சென்னையில் எண்பது பேர் வேலை செய்யும் ஒரு புராடக்ட் கம்பெனி ஜனவரியிலிருந்து ஆறு மாதம் இன்டர்ன்ஷிப், மாதம் 15,000, பிடித்துப்போனால் 4.5 லட்சத்துக்கு வேலை என்கிறது. கற்றுக்கொள்வது, சம்பளம் ஏறுவது, புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்காரும் பயம் மூன்றையும் வைத்துப் பார்த்தால் எது சரி? வீட்டில் "பெரிய கம்பெனியை விடாதே" என்கிறார்கள்.

பதில்:

தம்பி, இரண்டில் ஒன்றை இன்றைக்கே விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. இன்டர்ன்ஷிப் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிறது. தேதி போடாத சர்வீஸ் கம்பெனி ஆஃபர் பெரும்பாலும் ஜூலைக்கு முன்னால் அழைப்பாக மாறாது, அடுத்த மார்ச் வரைகூட இழுக்கலாம். அதனால் இன்டர்ன்ஷிப்புக்குப் போங்கள், ஆஃபரைக் கையில் வைத்திருங்கள். ஒரே தடை உங்கள் கல்லூரி பிளேஸ்மென்ட் செல். ஒருவருக்கு ஒரு ஆஃபர்தான் என்று விதி வைத்திருந்தால், எட்டாவது செமஸ்டர் புராஜெக்ட்டை அந்தக் கம்பெனியில் செய்வதாகக் கடிதம் கொடுத்துத் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்மொழியாக "போய்ட்டு வா" என்பது பிறகு வருகைப்பதிவு விஷயத்தில் நிற்காது.

ஜூனில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பெஞ்ச் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். மற்ற இரண்டும் அதிலிருந்தே பிரிகின்றன.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் சில டேனரிகள் ஜாப் ஒர்க் மட்டும் செய்யும். தோல் இன்னொருவருடையது, பதனிட்டுக் கொடுத்தால் கூலி. வேறு சில தாங்களே தோல் வாங்கி, பதனிட்டு, தங்கள் சரக்காக விற்கும். ஜாப் ஒர்க் டேனரிக்கு ஆர்டர் வரவில்லை என்றால் டிரம் சும்மா நிற்கும், ஆனால் ஆளுக்குச் சம்பளம் ஓடும். சர்வீஸ் கம்பெனி அந்த ஜாப் ஒர்க் டேனரி. அது விற்பது மென்பொருளை அல்ல, உங்கள் வேலை நேரத்தை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு உங்களை ஒரு மணிக்கு இத்தனை டாலர் என்று கணக்கெழுத முடிந்தால் நீங்கள் பில்லபிள், முடியாவிட்டால் பெஞ்ச். நீங்கள் கெட்டிக்காரரா இல்லையா என்பது இதில் இரண்டாம் பட்சம். வாடிக்கையாளர் புதிய ஒப்பந்தத்தை ஒரு காலாண்டு தள்ளிப்போட்டால் போதும், உங்களோடு பயிற்சி முடித்த இருநூறு பேரும் ஒன்றாகப் பெஞ்சில் உட்காருவார்கள்.

இந்தக் கம்பெனிகள் ஆட்களில் எத்தனை பங்கு பில்லிங்கில் இருக்கிறார்கள் என்பதை யூட்டிலைசேஷன் என்ற எண்ணாகக் கணக்கு வைக்கும். இன்ஃபோசிஸ் காலாண்டு அறிக்கையில் பயிற்சியாளர்களைச் சேர்த்து ஒன்று, விட்டுவிட்டு ஒன்று என இரண்டாகவே கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் உங்களைப் போன்ற ஃபிரஷர்கள் இருக்கிறார்கள். ஆட்கள் தேவைப்படும் காலத்தில் அந்த இடைவெளியைக் கம்பெனி பொறுத்துக்கொள்ளும், தேவை குறைந்தால் பொறுக்காது. 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதிப்படி ஒருவர் வருஷத்துக்கு 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறு மாதம் பெஞ்சில் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த பரீட்சைக்குப் படித்த காலம் முடிந்துபோனது.

பெஞ்சுக்கு முன்னால் இன்னும் இரண்டு கட்டம் இருக்கிறது, அவற்றை வீட்டில் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முதலாவது, ஆஃபருக்கும் சேரும் நாளுக்கும் நடுவே உள்ள காத்திருப்பு. 2022-இல் தேர்வானவர்களில் சிலர் சேர 2024 இறுதிவரை ஆனது. இரண்டாவது, சேர்ந்த பிறகு பயிற்சிக்கால உள்தேர்வு. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் தன் மைசூர் வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியே அனுப்பியது. மூன்று வாய்ப்பு கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்பது கம்பெனி சொன்ன காரணம். கேம்பஸ் ஆஃபரை வேலை என்று எண்ணாமல், வேலைக்கான டோக்கன் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

புராடக்ட் கம்பெனியில் பெஞ்ச் என்ற சொல்லே கிடையாது. வாடிக்கையாளர் மாதச் சந்தா கட்டுவது மென்பொருளுக்கு. நீங்கள் இன்றைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தீர்களா என்பது அவர் பில்லில் வராது. ஆனால் பெஞ்ச் இல்லாததால் பாதுகாப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆபத்து வேறு உருவத்தில் வரும். சர்வீஸ் கம்பெனியில் ஒரு புராஜெக்ட் போனால் இன்னொன்றுக்கு மாற்ற இடம் இருக்கும். புராடக்ட் கம்பெனியில் ஒரு மாட்யூலை மூடினால் அந்த டீமே வெளியே போகும், நடுவில் உட்கார இடமில்லை. கம்பெனி நஷ்டத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் பிறந்த ஃபிரஷ்ஒர்க்ஸ் 2024 நவம்பரில் ஏறக்குறைய 660 பேரை, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேரை, வருமானம் வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அனுப்பியது. எண்பது பேர் கம்பெனி என்றால் இன்னும் எளிது. மூன்று பெரிய வாடிக்கையாளர்கள் பாதி வருமானத்தைக் கொடுத்து, அதில் ஒருவர் விலகினால் போதும்.

சுருக்கமாகச் சொன்னால், சர்வீஸில் ஆபத்து மெதுவாக வரும், முன்கூட்டியே தெரியும், பெயர் பெஞ்ச். புராடக்டில் ஆபத்து அரிதாக வரும், ஒரே நாளில் வரும். அன்றைக்கு உங்கள் கையில் என்ன வேலை தெரிகிறது என்பதுதான் மிச்சம். அதனால் கற்றுக்கொள்வதை மூன்றில் முதலாவதாக வைக்கிறேன்.

"புராடக்டில் நிறையக் கற்கலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள், எதைக் கற்பது என்று சொல்ல மாட்டார்கள். ஒரே பிழை இரண்டு இடத்திலும் எப்படிக் கையாளப்படுகிறது என்று பார்க்கலாம். ஒரு பில்லிங் மென்பொருள். மாதம் முதல் தேதி அதிகாலை 4 மணிக்கு ஒரு கடைக்காரர் போட்ட இன்வாய்ஸுக்கு பி.டி.எஃப். வரவில்லை என்று புகார் வருகிறது.

சர்வீஸ் கம்பெனியின் சப்போர்ட் புராஜெக்ட்டில் நீங்கள் எல்1 என்ற முதல் மட்டத்தில் இருக்கிறீர்கள். டிக்கெட் உங்கள் வரிசையில் விழும்போது காலை 9 மணி. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது எஸ்.எல்.ஏ. உங்களுக்குக் கொடுத்திருக்கும் ரன்புக்கில் இதற்கு ஒரு வரி இருக்கிறது:

```sql
UPDATE invoice SET status = 'PENDING' WHERE id = 48213;
```

இதை ஓட்டுகிறீர்கள், இன்வாய்ஸ் மறுபடி வரிசையில் போகிறது, பி.டி.எஃப். வந்துவிடுகிறது. டிக்கெட் மூடப்பட்டது. பத்து நிமிஷ வேலை, மேலாளர் பாராட்டுவார். ஏன் வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள சோர்ஸ் கோடைப் பார்க்கும் அனுமதியும் உங்களுக்கு இல்லை, அது எல்3 கையில். அடுத்த மாதம் முதல் தேதியும் அதே டிக்கெட் வரும், அதே வரியை ஓட்டுவீர்கள்.

அதே புகார் ஒரு புராடக்ட் டீமில் வந்தால், அதை மறுபடி உண்டாக்கிக் காட்டு என்பார்கள். பகலில் செய்து பார்த்தால் பிழை வராது, இரண்டு நாள் மண்டை காயும். பிறகு கோடில் இந்த வரி கண்ணில் படும்:

```java
LocalDate date = LocalDate.now();
```

சர்வர் யு.டி.சி. நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். எனவே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை இங்கே போடும் இன்வாய்ஸுக்கு சர்வர் முந்தைய நாள் தேதியைப் போடுகிறது. மற்ற நாளில் யாரும் கவனிக்கவில்லை. முதல் தேதியன்று மட்டும் அது போன மாதக் கடைசி நாளாகிவிடுகிறது, அந்த மாதக் கணக்கை மென்பொருள் ஏற்கெனவே மூடிவிட்டது, அதனால் பி.டி.எஃப். மறுக்கிறது. காலை 9 மணிக்கு மறுபடி ஓட்டினால் தேதி சரியாக வரும். ரன்புக் வரி வேலை செய்த ரகசியம் இதுதான். நீங்கள் `ZoneId.of("Asia/Kolkata")` என்று போட்டுத் திருத்திக் கொடுப்பீர்கள். கோட் ரிவ்யூவில் சீனியர் திருப்பி அனுப்புவார்: "துபாய் வாடிக்கையாளருக்கு என்ன செய்வாய்?" அப்புறம் ஒவ்வொரு வாடிக்கையாளரின் நேரமண்டலத்தையும் அவரவர் செட்டிங்ஸிலிருந்து எடுக்கும்படி மாற்றி, அதிகாலை 4 மணி நேரத்தை வைத்துச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் எழுதி, அதன்பிறகுதான் ரிலீஸ்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆனால் சர்வர் நேரம், மறு உருவாக்கம், ரிவ்யூ, டெஸ்ட் நான்கும் ஒரே பிழையில் கைக்கு வந்துவிட்டன. இரண்டு வருஷம் கழித்து இன்டர்வியூவில் "நீங்கள் கண்டுபிடித்த கடினமான பிழை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது உங்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். எல்1-இல் இருந்தவருக்கு எத்தனை டிக்கெட் மூடினேன் என்ற எண்ணிக்கைதான் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு சர்வீஸ் என்றாலே எல்1 என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக எழுதும் டெவலப்மென்ட் புராஜெக்ட் கிடைத்தால் அங்கேயும் இதே அளவு கற்கலாம். வங்கி, இன்ஷூரன்ஸ் மாதிரி துறையறிவு அங்கே கூடுதலாகவே வரும். சிக்கல், அது கிடைப்பது உங்கள் கையில் இல்லை. பயிற்சியில் ஜாவா படிக்க வைத்துவிட்டு, அந்த மாதம் ஆள் கேட்டது டெஸ்டிங் புராஜெக்ட் என்றால் அங்கேதான் போடுவார்கள். புராடக்ட் பக்கமும் ஒரு குறை உண்டு. சில கம்பெனிகள் தாங்களே எழுதிய ஃபிரேம்ஒர்க்கில்தான் எல்லாம் செய்வார்கள். மூன்று வருஷம் அதிலேயே இருந்தால், வெளியே யாரும் கேட்காத ஒரு பொருளில் நிபுணர் ஆகிவிடுவீர்கள். இன்டர்ன்ஷிப் முதல் மாதத்திலேயே எந்த லாங்வேஜ், எந்த ஃபிரேம்ஒர்க், எந்த டேட்டாபேஸ் என்று பார்த்து, அதே பெயரைப் போட்டு வேலைத்தளங்களில் சென்னை, பெங்களூருக்குத் தேடிப் பாருங்கள். பத்து விளம்பரம்கூட வரவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

இப்போது சம்பளம். 3.6-க்கும் 4.5-க்கும் வித்தியாசம் 90,000 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். சி.டி.சி. எண்ணை விட்டுவிட்டுக் கைக்கு வருவதைப் பாருங்கள். 3,60,000-இல் பேசிக் பாதி, மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். வருஷம் 21,600, கிராஜுவிட்டி ஒதுக்கீடு 8,658, இன்ஷூரன்ஸ் 5,000, வேரியபிள் 24,000. இவை எல்லாம் உங்கள் சி.டி.சி.-யில் எழுதியிருக்கும், மாதச் சம்பளத்தில் வராது. மிச்சம் 3,00,742, மாதம் 25,062. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி மாதக் கணக்கில் சுமார் 200 போனால் கைக்கு 23,000 சொச்சம். வேரியபிள் கம்பெனி லாபத்தையும், சில இடங்களில் நீங்கள் பில்லிங்கில் இருந்த நாட்களையும் பொறுத்தது, முதல் வருஷம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

4.5 லட்சத்தில் வேரியபிள் இல்லை, பி.எஃப். அதே 15,000-க்கு வரம்பிட்டுக் கட்டுகிறார்கள் என்றால் கைக்கு 32,000-ஐத் தாண்டும். ஆக வித்தியாசம் மாதம் 9,000. சென்னையில் பி.ஜி. வாடகை, சாப்பாட்டுக்கு அது அப்படியே போய்விடும் என்பதால், ஒருவர் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியும், மற்றவர் முடியாது என்ற அளவுக்கு அது பெரிய தொகை. வேரியபிள் பங்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் அனெக்ஸர் என்று ஒரு அட்டவணை இருக்கும், இதே வரிசையில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

உயர்வைப் பார்த்தால் இடைவெளி இன்னும் விரியும். சர்வீஸில் வருஷம் 6 சதவீதம் என்று வைத்தால் 3.6 லட்சம் மூன்று உயர்வுக்குப் பிறகு 4.29. இந்தக் கம்பெனியில் 10 சதவீதம் என்று வைத்தால் 4.5 லட்சம் 5.99 ஆகும். பிறகு கம்பெனி மாறும்போது பழைய சம்பளத்தின் மேல் 30, 40 சதவீதம் என்றுதான் பல ஹெச்.ஆர். பேசுவார்கள். ஒருவருக்கு 5.6 முதல் 6, மற்றவருக்கு 7.8 முதல் 8.4. தொடக்கத்தில் இருந்த 90,000 இடைவெளி மூன்றே வருஷத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இந்தச் சங்கிலியை அறுக்க ஒரே வழி, பழைய சம்பளத்தைப் பார்க்காமல் இன்டர்வியூவில் நீங்கள் எந்த மட்டம் என்று பார்த்துச் சம்பளம் போடும் கம்பெனி. அவை பெரும்பாலும் புராடக்ட் கம்பெனிகள், உள்ளே நுழைய மேலே சொன்ன மாதிரி வேலை தெரிந்திருக்க வேண்டும். சம்பளமும் கடைசியில் கற்றதில்தான் வந்து முட்டுகிறது.

சர்வீஸிலிருந்து மாறுவதற்கு இன்னொரு முட்டுக்கட்டை நோட்டீஸ் பீரியட். பெரிய கம்பெனிகளில் 90 நாள் சாதாரணம். சின்ன புராடக்ட் கம்பெனிக்கு ஆள் அடுத்த மாதம் வேண்டும், "தொண்ணூறு நாளா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவார்கள். உங்கள் இரண்டு ஆஃபரிலும் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

கூடவே பாண்ட். ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷத்துக்குள் விட்டால் இவ்வளவு ரூபாய் என்று இருக்கும். "கோர்ட்டில் செல்லாது" என்று கல்லூரி கேன்டீனில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறைந்தபட்சப் பணிக்காலத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது பொதுத்துறை வங்கியின் வழக்கு, எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்றில்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது தொகையைப் பார்த்துப் போடுங்கள். அசல் சான்றிதழைக் கொடுத்து வைக்கச் சொன்னால் மட்டும், கம்பெனி எதுவானாலும், வெளியே வந்துவிடுங்கள்.

சர்வீஸ், புராடக்ட் என்ற கோட்டைவிடப் பெரிய கோடு ஒன்று சர்வீஸ் கம்பெனிக்கு உள்ளேயே இருக்கிறது. டி.சி.எஸ். தேர்வில் நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் என்று மூன்று வாசல். நிஞ்ஜாவுக்கு ஏறக்குறைய 3.36 லட்சம், டிஜிட்டலுக்கு ஏறக்குறைய 7 லட்சம். ஒரே கம்பெனி, ஒரே ஐ.டி. கார்டு, சம்பளம் இரண்டு மடங்கு. வித்தியாசம் பெரும்பாலும் கோடிங்கில். நம் பக்கத்துக் கல்லூரிகளில் கடைசி வருஷம் முழுக்க ஆப்டிடியூட் பயிற்சி கொடுத்து, ரயில் எவ்வளவு நேரத்தில் பாலத்தைக் கடக்கும் என்றே கணக்குப் போட வைப்பதால், பெரும்பாலோர் கீழ்வாசலில் நுழைகிறார்கள். உங்கள் 3.6 எந்த வாசல் என்று பார்த்து, சேருவதற்கு முன்போ பின்போ மேல்வாசலுக்குத் தேர்வு எழுத வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, அந்த எண்பது பேர் கம்பெனி உண்மையிலேயே புராடக்ட் கம்பெனிதானா? இதைத்தான் நீங்கள் முதலில் சோதிக்க வேண்டும். புராடக்ட் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கேட்டபடி வெப்சைட் கட்டிக்கொடுத்துப் பிழைக்கும் கம்பெனிகள் சென்னையில் நிறைய. அவர்கள் வெப்சைட்டில் விலைப்பக்கம் இருக்கிறதா, மாதம் இவ்வளவு, ஒருவருக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, நீங்களே இலவச ட்ரையலில் பதிவுசெய்து பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்டர்வியூ எடுத்தவரிடம் நேராகக் கேளுங்கள்: "எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே கோட்பேஸா, இல்லை ஆளுக்கு ஒரு காப்பியா?" ஆளுக்கு ஒரு காப்பி என்றால் அது சர்வீஸ் வேலைதான், பெரிய கம்பெனியின் பயிற்சியும் பெயரும் இல்லாத சர்வீஸ் வேலை. ரிலீஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் கேளுங்கள். உண்மையான புராடக்ட் டீமில் யாரும் இதற்கு யோசிக்க மாட்டார்கள்.

இன்டர்ன் விஷயத்தில் இன்னொரு சோதனை. போன வருஷம் எத்தனை இன்டர்ன் எடுத்தார்கள், அதில் எத்தனை பேர் இன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்? ஹெச்.ஆர். சொல்வதைக் கேட்டுக்கொண்டு, லிங்க்ட்இனில் கம்பெனி பெயரையும் இன்டர்ன் என்பதையும் போட்டுத் தேடிச் சரிபாருங்கள். பன்னிரண்டு பேர் வந்து ஆறாம் மாதம் பத்துப் பேர் வேறு எங்கோ இருந்தால், 15,000 ரூபாய்க்கு ஆள் சுழற்றும் இடம் அது. "பிடித்துப்போனால் 4.5" என்பதையும் இமெயிலில் வாங்குங்கள்: எந்தத் தேதியில் முடிவு சொல்வார்கள், நிலையான சம்பளம் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு. சொல்லிவிட்டு எழுத மறுத்தால் அந்த 4.5-ஐ மறந்துவிட்டு, இன்டர்ன்ஷிப்பை இன்டர்ன்ஷிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாத வாக்கில் உங்கள் லேப்டாப்பில் கம்பெனி ரெப்போவுக்குள் நின்று இதை ஓட்டிப் பாருங்கள் (விண்டோஸ் என்றால் கிட் பேஷில், மேற்கோளுக்குள் நீங்கள் கமிட் செய்யும் பெயர்):

```
git log --author="yourname" --since="3 months ago" --oneline
```

எத்தனை வரி வருகிறது என்பது பெரிதல்ல. வரும் வரிகளைப் படியுங்கள். பட்டன் நிறம், எழுத்துப்பிழை, டெக்ஸ்ட் மாற்றம் மட்டும்தான் என்றால் உங்களை யாரும் வளர்க்கவில்லை. பிழைத்திருத்தம், டெஸ்ட், ஒரு சின்ன ஃபீச்சர் என்று வளர்ந்திருந்தால் நல்ல இடம். ரெப்போவே கொடுக்கவில்லை, எக்ஸெலில் டெஸ்ட் கேஸ் நிரப்புகிறீர்கள் என்றால் ஜூலையில் சர்வீஸ் கம்பெனி அழைப்புக்குக் காத்திருங்கள்.

என் முடிவு இது. ஒரே கோட்பேஸ், எழுத்தில் 4.5, கமிட்டில் வளர்ச்சி மூன்றும் இருந்தால் புராடக்ட் கம்பெனி, பெயர் யாருக்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சர்வீஸ். வீட்டில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய கம்பெனி சம்பளத்தைத் தேதி தவறாமல் போடும், ஹோம் லோனுக்கு வங்கியில் அந்தப் பெயர் உதவும். ஆனால் "கவர்மென்ட் வேலை மாதிரி" என்பது இப்போது இல்லை.

சர்வீஸில் சேர்ந்து பெஞ்சுக்கு வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டி.சி.எஸ். மாதிரி 35 நாள்தான் என்றால் அது சீக்கிரம் ஓடிவிடும். ஆட்களை ஒதுக்கும் ஆர்.எம்.ஜி. உங்களை நேரில் பார்ப்பதில்லை, உள் போர்ட்டலில் சொல்லைப் போட்டுத் தேடுகிறது. உங்கள் புரொஃபைலில் "புரோகிராமிங்" என்று பொதுவாக இருந்தால் தேடலில் விழவே மாட்டீர்கள். ஜாவா 17, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் என்று பதிப்போடு எழுதுங்கள், முதல் வாரத்திலேயே. இடம் என்ற கட்டத்தில் சென்னை மட்டும் போட்டவர்தான் அதிக நாள் உட்காருவார். காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர், பெங்களூருக்கும் நேர் ரயில் இருக்கிறது, எனவே பெங்களூரையும் சேர்த்துவிடுவதில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆர்.எம்.ஜி.க்காகக் காத்திராமல், உங்களுக்கு முன் பேட்ச் சீனியர்கள் மூலம் புராஜெக்ட் மேனேஜர்களுக்கு நேராக மெயில் போடுங்கள். பல ஒதுக்கீடுகள் இப்படித்தான் நடக்கின்றன.

முதலில் வரும் புராஜெக்ட் சப்போர்ட்டாக இருந்தால் மறுக்காதீர்கள். இரண்டு முறை மறுத்தவர் என்ற குறிப்பு பெஞ்சைவிட மோசம். சேரும்போதே எல்3 டீம் எது, கோட் பார்க்கும் அனுமதி எப்போது என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். ஷேடோவாகப் போட்டால், அதாவது வாடிக்கையாளரிடம் பில் போடாமல் ஒருவர் கூடவே உட்கார வைத்தால், பில்லிங் எந்தத் தேதியில் தொடங்கும் என்று கேளுங்கள். ஷேடோவில் இருப்பவரைப் பல கம்பெனிகள் பெஞ்ச் கணக்கில்தான் வைக்கும், அது உங்களுக்குத் தெரியாமலே நாட்கள் எண்ணப்படும்.

பெஞ்சில் இருந்த மாதங்களை மறைக்க, செய்யாத புராஜெக்ட்டை ரெஸ்யூமில் எழுதச் சொல்லி அமீர்பேட்டையிலும் வேளச்சேரியிலும் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இல்லாத கம்பெனியின் அனுபவச் சான்றிதழ், உங்கள் பி.எஃப். கணக்குகளை இணைக்கும் யு.ஏ.என். எண்ணில் வரலாற்றைப் பார்த்ததும் பிடிபடும். அதோடு அந்தக் கம்பெனியில் என்றென்றைக்கும் கதவு மூடிவிடும்.

புராடக்ட் கம்பெனியில் ஜூலையில் நிரந்தரமாகச் சேர்ந்து, நவம்பரில் சர்வீஸ் கம்பெனியின் அழைப்பு மெயில் வந்தால், பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள். வர இயலவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், பிளேஸ்மென்ட் செல்லுக்கும் ஒரு காப்பி. எதுவும் சொல்லாமல், சேராமலும் விட்டவர்களால் உங்கள் கல்லூரிக்கு அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி வருவது நின்றுபோகலாம். மாறிப் போவதென்று முடிவெடுத்தால் இங்கே ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த பிறகே அங்கே சேருங்கள். இரண்டு கம்பெனியின் பணிக்காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இரட்டை வேலை என்று அதே யு.ஏ.என். காட்டிக்கொடுத்துவிடும்.